ஆகஸ்ட் மடலில் ஒரு திருத்தம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருந்த அந்த நர்சரிப் பள்ளியிலிருந்து மாதம் ஒரு ஜெராக்ஸ் தாள் வீடுகளுக்குப் போகும். பெயர் 'பெற்றோர் மடல்'. அதை எழுதுகிற வேலை எல்.கே.ஜி. டீச்சர் சாராளின் தலையில் விழுந்திருந்தது. 2006 ஜூன் மடலில் அவள் மகா தைரியமாக எழுதினாள்: 'இரண்டு மொழி கலந்து பேசும் குழந்தைகள் குழம்புகிறார்கள். வீட்டில் தமிழ் மட்டும் பேசவும்.' யாரைக் கேட்டு எழுதினாள்? ஒருத்தரையும் கேட்கவில்லை.

தேஜுவை மனதில் வைத்துத்தான் எழுதினாள். அப்பா பரசுராமனுக்கு இரும்புக் கம்பெனியில் வேலை, தமிழ். அம்மா ரமணம்மா ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் தடாக்காரி, தெலுங்கு. நாலு வயசு தேஜு காலையில் ஓடி வந்து, "மிஸ், குக்க என்னப் பாத்து வால் ஆட்டுச்சு!" என்பாள். குக்க என்றால் தெலுங்கில் நாய். அந்த ஊரிலேயே வளர்ந்த சாராளுக்கு அது புரியாதா என்ன? இருந்தும், "நாய்னு சொல்லு" என்று அதட்டுவாள்.

ஜூலை முடிவதற்குள் தேஜுவின் வாய் அடங்கிப்போனது. தண்ணீர் வேண்டுமென்றால் பாட்டிலைக் காட்டினாள். ஒரு நாள் பள்ளி விட்டதும் ரமணம்மா வாசலில் காத்திருந்தாள்.

"பாப்பாக்குக் காது பாக்க மெட்ராஸ் ஆஸ்பத்திரி போனோம் மிஸ். காது பாகுந்தி, நல்லா கீதுன்னாங்க. அப்பறம் பேச்சு டாக்டரம்மா, வீட்ல அவகிட்ட இன்னா பேசறேன்னு கேட்டாங்க. பேசறதே இல்லன்னேன்."

"ஏம்மா பேசறதில்ல?"

"மடல்ல போட்டிருந்துச்சே. அவரு படிச்சி சொன்னாரு. எனக்குத் தமிழ் கொஞ்சந்தான் வரும். துன்னு, தூங்கு, வா. அவ்ளோதான் சொல்றேன்."

ரமணம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"தெலுகு வேணான்னு யாரு சொன்னதுன்னு அந்தம்மா கோவமா கேட்டாங்க. மீ பேரு செப்பலேது மிஸ். உங்க பேரச் சொல்லவே இல்ல."

ரமணம்மா ஏசியிருந்தால்கூடச் சாராள் தாங்கியிருப்பாள். அந்தச் சனிக்கிழமை சாராள் மின்சார ரயிலேறிப் போய் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தாள், வாங்கிக் கட்டிக்கொண்டாள், கேட்டதையெல்லாம் குறித்துக்கொண்டாள். திங்கட்கிழமை ஆகஸ்ட் மடலைத் தலைமை ஆசிரியை செண்பகத்தின் மேஜையில் வைத்தாள்.

'ஜூன் மடலில் நான் எழுதியது தவறு. இரண்டு மொழிக் குழந்தை ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பது இயல்பு, குழப்பம் அல்ல. ஒரு மொழியில் சொல் சட்டென்று வராவிட்டால் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். பெரியவர்கள் கலப்பதைக் கேட்டும் கலக்கும். யாருக்கு எது புரியும் என்று பார்த்தும் பேசும்: ஒரு குழந்தை எனக்குப் புரியும் என்று என்னிடம் 'குக்க' என்றாள், தெலுங்கு தெரியாத வகுப்புத் தோழி பிரின்சியிடம் 'நாய்' என்றாள். அதட்டாதீர்கள். 'அப்படியா, நாய் வால் ஆட்டுச்சா?' என்று பேச்சை வளருங்கள். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் நிறையப் பேசுங்கள். இரண்டு மொழியிலுமே பேச்சு குறைவாக இருந்தாலோ, பேசிய குழந்தை பேசாமல் போனாலோ டாக்டரிடம் காட்டுங்கள். சாராள், எல்.கே.ஜி.'

செண்பகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முதல் வரிய எடுத்துடு. ஸ்கூல் தப்பா எழுதுச்சுன்னு நாமளே அடிச்சுக் குடுப்போமா? மத்ததெல்லாம் இருக்கட்டும்."

"எடுத்தா ரெண்டு மடலும் சரின்னு நெனைப்பாங்க மேடம். தேஜு அம்மா வாயத் தொறக்கவே மாட்டாங்க."

"அட்மிஷன் கொறஞ்சா நீ பதில் சொல்வியா?"

"சொல்றேன் மேடம். அதுக்குத்தான் கீழ என் பேரு போட்டுக்கிறேன்."

செண்பகம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன் பாடு" என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் சாயங்காலம் சாராள் பள்ளி கேட்டில் ரமணம்மாவை நிறுத்தி, அந்தத் தாளைத் தெலுங்கும் தமிழுமாகப் படித்துச் சொன்னாள். முதல் வரியை இரண்டு தடவை சொன்னாள். ரமணம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குனிந்து மகளின் கன்னத்தைத் தொட்டு, இரண்டு மாதமாக அடைத்து வைத்ததெல்லாம் அவிழ்ந்ததுபோல, "ரா தல்லி, இன்டிகி போதாம்" என்றாள். வாம்மா, வீட்டுக்குப் போகலாம்.

தேஜு நகரவில்லை. அம்மாவைப் பார்த்தாள், சாராளைப் பார்த்தாள். அம்மாவின் புடவையை இழுத்து, மெதுவாகத்தான் கேட்டாள்.

"அம்மா, நுவ்வு பேசினா மிஸ் திட்ட மாட்டாங்களா?"

நுவ்வு என்றால் நீ. மிஸ் திட்டுவாள் என்றுதான் அம்மா பேசவில்லை என்றா பிள்ளை இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தது! சாராளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்படியே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"திட்டனு, திட்ட மாட்டேன் கண்ணு. தப்பு பண்ணது மிஸ்தான்" என்றாள்.