பத்து நாளில் நிறுத்திய களிம்பு

இடுப்பு எரிந்தது. முதுகு வலி என்றால் ஊருக்கே சொல்லலாம். லுங்கி முடிச்சுக்குக் கீழே வட்டமாய் அரிக்கிற படர்தாமரையை யாரிடம் சொல்வது? செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை எனும் வேர்க்கடலை மூட்டை ஏற்றும் விநாயகம், அரசு ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் சீட்டை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

மருந்து கொடுக்கும் வேதநாயகிக்கு அவனை ஞாபகம் இருந்தது.

"போன தடவ குடுத்தத எத்தினி நாள் போட்டீங்க?"

"பத்து நாள்மா. அரிப்பு நின்னுடுச்சு, வட்டமும் மறஞ்சிடுச்சு. மீதிய எடுத்து வெச்சிட்டேன்."

"மறஞ்ச பெறவும் ரெண்டு வாரம் போடணும்னு சொன்னேனே?"

"இது புதுசுமா. கூட வேல செய்றவன் துண்டுல தொடச்சேன், ஒட்டிக்கிச்சு."

"அதே எடத்துலதான வந்திருக்குது? அந்தாளுக்கு எப்ப வந்துச்சு?"

விநாயகம் யோசித்துச் சொன்னான். தனக்கு ஆடி பிறந்ததுமே வந்தது. கூட வேலை செய்யும் ரஞ்சித் சொறிய ஆரம்பித்தது மேல்மலையனூர் ஆடி அமாவாசைக்குப் போய் வந்த பிறகு. ரஞ்சித்தின் துண்டில்தான் இருவரும் துடைத்துக்கொள்வார்கள்.

"அப்ப அவருக்கு உங்ககிட்டருந்துதான் போயிருக்கும். வட்டம் மறஞ்சா கிருமி செத்துச்சுன்னு அர்த்தமில்ல. மேல்தோலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம உசுரோட கெடக்கும். மருந்த நிறுத்தினா மறுபடி கெளம்பும். வட்டத்தச் சுத்தி ரெண்டு விரக்கட வெளியயும் சேத்து, காலைல சாய்ந்தரம் போடுங்க. துண்டத் தனியா வெச்சுக்குங்க. அவரயும் வரச் சொல்லுங்க."

ட்யூப்பை வாங்கும்போது விநாயகத்துக்குக் கை கூசியது. நாலு நாளைக்கு முன்புதான் கமிட்டியில் ஆறு பேர் முன்னால் ரஞ்சித்தின் துண்டைக் காலால் தள்ளி, "சொறி புடிச்சவனே, எனக்கும் ஒட்ட வெச்சிட்டியே" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். மூட்டையை முதுகில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். அன்றிலிருந்து ரஞ்சித்துக்கு ஒருவரும் கை கொடுக்கவில்லை. அவன் வேலையை விட்டு நின்றுவிட்டான்.

நேராக ரஞ்சித்தின் ஊரான சிங்கவரத்துக்குச் சைக்கிளை மிதித்தான். ரஞ்சித் வாசலில் உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கவில்லை.

"என்னாலதான்டா உனுக்கு வந்துச்சு. பாதியில மருந்த உட்டுட்டேன். நீயும் போய் வாங்கு. மறஞ்சாலும் ரெண்டு வாரம் உடாம போடு."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவுதுண்ணா? அசிங்கப்படுத்தினது அங்க. அங்க போய் சொல்லு. அவனுங்க கூப்ட்டா வர்றேன்."

மறுநாள் கமிட்டியில், அன்று சிரித்தவர்களில் ஒருவனான பாண்டுரங்கன், "இன்னா மாமா, அந்தச் சொறியன் போனதும் நிம்மதியா?" என்றான். அதுதான் சமயம். விநாயகம் வாயைத் திறந்தான். தன் இடுப்பை ஆறு பேரும் பார்ப்பது போலிருந்தது.

"மூட்டையப் புடிடா" என்றான்.

வட்டம் மறைந்தது. அதற்கு மேலும் பதினான்கு நாள் வேளை தவறாமல் போட்டான். தோல் சுத்தமாகிவிட்டது. ரஞ்சித்தும் மருந்து போடுகிறானாம். செங்கல் சூளையில் பாதிக் கூலிக்குப் போகிறானாம்.

அந்த ஆறு பேர் முன்னால் ரஞ்சித்திடம் கேட்க வேண்டிய மன்னிப்பை விநாயகம் இன்னும் கேட்கவில்லை.