செடிக்குப் போன தண்ணீர்

இரண்டு மணி பத்து நிமிடம். அவன் கடிகாரத்தைப் பார்த்தபோது வலது காலின் கட்டைவிரல் நெருப்பாக எரிந்தது.

படுக்கும்போது ஒன்றுமில்லை. இப்போது போர்வையின் ஓரத்தைக்கூடத் தாங்க முடியவில்லை. உதறித் தள்ளினான். மின்விசிறிக் காற்று பட்டதும் பல்லைக் கடித்தான்.

மனைவி விளக்கைப் போட்டாள். விரல் பாதத்தோடு சேரும் மூட்டு உருண்டையாக வீங்கியிருந்தது. தோல் சிவந்து, இழுத்துக் கட்டியதுபோல் பளபளத்தது. அவள் உள்ளங்கையை அருகில் கொண்டுபோனாள். தொடாமலே சூடு தெரிந்தது.

"எங்கயாச்சும் இடிச்சுக்கிட்டீங்களா?"

"இல்ல."

"பிரேக்கை ஓங்கி மிதிச்சீங்களா?"

"பஸ்ஸுமா அது. ஓங்கி மிதிச்சா உள்ள இருக்கறவன் பல்லு என் மடியில விழும்."

ஐந்து மணிக்கு முதல் பஸ் அவனுடையது. எழுந்து நின்று பார்த்தான். உடனே உட்கார்ந்துவிட்டான்.

அப்பாவுக்கும் கட்டைவிரலில்தான் தொடங்கியது. சர்க்கரை. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று வெட்டி எடுத்தார்கள். அப்பாவும் ஓட்டுநர்தான். அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை.

"எடுத்துடுவாங்களா?" என்றான்.

எதை என்று அவள் கேட்கவில்லை. பையில் அவனுடைய மாத்திரை அட்டைகளைப் போட்டாள். பிறகு ஒல்லிக்குப் போன் செய்தாள். ஒல்லி இன்னொரு ஓட்டுநர், நூறு கிலோ. அன்று அவனுக்கு ஓய்வு நாள்.

"முதல் பஸ்ஸை நான் எடுத்துக்கறேன் அண்ணி," என்றது போன். "அவன் காலைப் பாருங்க."

மருத்துவமனையில் அவசரப் பிரிவு மட்டும் விழித்திருந்தது. சக்கர நாற்காலியைத் தள்ளியவர் திருப்பங்களில் மெதுவாகப் போனார். டாக்டர் இளம்பெண். காய்ச்சல் பார்த்தார், விரலிடுக்கில் புண் தேடினார், சர்க்கரை பார்த்தார், சிறுநீரகத்துக்காக ரத்தம் எடுத்தார்.

"சர்க்கரை சரியா இருக்கு. ஆனா மூட்டுக்குள்ள கிருமி போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். அதை விட்டுவைக்கக் கூடாது. மரத்துப்போக வச்சிட்டு, ஊசியால ஒரு சொட்டு எடுத்துப் பாக்கறேன்."

எடுத்தார். அவன் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். விட்டபோது அங்கே நான்கு விரல்களின் தடம் இருந்தது.

டாக்டர் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்.

"கவுட். ரத்தத்துல யூரிக் அமிலம் ரொம்ப நாளா கூடியிருக்கும். அது மூட்டுக்குள்ள படிகமா உக்காந்துடும். ஊசி ஊசியா இருக்கு, இப்பதான் பாத்தேன். உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடுது, அதான் இந்தச் சூடும் வீக்கமும். கிருமி எதுவும் கண்ணுல படல. இருந்தாலும் எடுத்ததுல மிச்சத்தை, கிருமி வளருதான்னு பாக்க அனுப்பியிருக்கேன்."

"அப்ப காலு?"

"பத்து நாள்ல நடந்து வந்து, ஊசி குத்துனதுக்கு என்னைத் திட்டுவீங்க."

அவன் மேற்கூரையைப் பார்த்தான். அங்கே ஒரு குழல்விளக்கு மட்டும்தான் இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தான்.

"பகல்லெல்லாம் நல்லாத்தானே இருந்தாரு?" என்றாள் மனைவி.

"ராத்திரிதான் நிறைய பேருக்கு வரும். உடம்பு குளிரும், கால் நுனி இன்னும் குளிரும். குளிர்ச்சியில படிகம் சுலபமா உக்காரும். நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

மூத்த ஓட்டுநர் ஒருவரின் பணி ஓய்வு விருந்து. "ஈரல் வறுவல். அப்புறம் பீர். ரெண்டு."

மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"நாலு," என்றான்.

"புதுசா மாத்திரை ஏதாவது?"

மனைவி ஓர் அட்டையை நீட்டினாள். ரத்த அழுத்தத்துக்கு, ஒரு மாதமாக. டாக்டர் படித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"நீர் பிரிய வைக்கிற மாத்திரை. இதுவும் யூரிக் அமிலத்தை ஏத்தும். நீங்களா நிறுத்திடாதீங்க, எழுதிக்கொடுத்தவர்கிட்ட கேட்டு மாத்திக்கலாம். தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?"

"அதுல குறையே இல்ல டாக்டர்," என்றாள் மனைவி. "தினம் ரெண்டு லிட்டர் பாட்டில். நானே நிரப்பிக் குடுக்கறேன். காலியாத்தான் திரும்பி வரும்."

அவன் கால்மாட்டைப் பார்த்தான். விரல் மூட்டு சிவப்பாக அவனையே பார்த்தது.

"நான் குடிக்கிறதில்ல," என்றான்.

"என்னது?"

"போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். நடுவுல இறங்க இடம் இல்ல, கடைசி ஸ்டாப்லயும் கக்கூஸ் இல்ல. வண்டி நிறைய ஆளுங்க. குடிச்சா எங்க போறது? எங்க ஆளுங்க யாரும் குடிக்கிறதில்ல. டிப்போ கேட்டுப் பக்கத்துல ஒரு செடி இருக்கு. வீட்டுக்குக் கிளம்பும்போது அதுல ஊத்திடுவேன். பாட்டில் நிறைஞ்சு வந்தா நீ வருத்தப்படுவ."

மனைவி பையின் வாரைச் சரிசெய்தாள்.

"எத்தனை வருஷமா?"

"ஆறு."

"செடி எப்படி இருக்கு?"

"ஆள் உயரம் வந்துடுச்சு."

டாக்டர் சிரிப்பு வர, வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தெளிவாகச் சொன்னார். ஒன்று மட்டும் காரணமில்லை. உடம்பின் வாகு, பீர், ஈரல், மாத்திரை, தண்ணீர் இல்லாத வெயில் நாட்கள் எல்லாம் சேர்ந்து தள்ளியிருக்கின்றன. வலிக்கு மாத்திரை எழுதினார். காலை உயர்த்தி வைக்கவேண்டும், துணியில் சுற்றிய பனிக்கட்டி வைக்கலாம். ரத்தத்தில் யூரிக் அமிலம் வலி நேரத்தில் சரியாக இருப்பதுபோல் ஏமாற்றும், அதனால் வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து வந்து பார்க்கவேண்டும்.

அவன் டாக்டருக்கு மூன்று முறை நன்றி சொன்னான். சக்கர நாற்காலிக்காரருக்குச் சொன்னான். மருந்து கொடுத்த பெண்ணுக்கும் சொன்னான்.

வாடகைக் காரில் மனைவி அவன் காலை மடியில் வைத்துக்கொண்டாள். வேகத்தடை வரும்போதெல்லாம் குதிகாலை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள். விடிந்துகொண்டிருந்தது. எதிரே முதல் பஸ் கடந்தது. ஒல்லி கண்ணாடிக்குப் பின்னால் நிறைந்திருந்தான்.

அவன் அவள் பக்கம் திரும்பினான். வாயைத் திறந்தான்.

"இன்னொரு வேகத்தடை இருக்கு," என்றான்.

"தெரியுது," என்றாள்.

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. தோல் சுருங்கி உரியத் தொடங்கியது. சாயங்காலம் ஒல்லி வந்து, நாற்காலி முனக, உட்கார்ந்தான்.

"கடைசி ஸ்டாப்ல டயர் கடை இருக்கே, பின்னாடி கக்கூஸ் இருக்கு. சாவி முதலாளி மேஜையிலயே தொங்கும். நான் ரெண்டு வருஷமா அங்கதான் போறேன்."

"ஏன்டா எனக்குச் சொல்லல?"

"நீ கேக்கல. ஒட்டகம் மாதிரி இருந்த, சரி, உடம்பு அப்படின்னு நினைச்சேன்."

அந்த ஓய்வு நாளுக்குப் பதில் ஒரு ஞாயிறு ஓட்டித் தருகிறேன் என்று அவன் சொன்னான். ஒல்லி டம்ளரை வைத்துவிட்டு, "போடா," என்றான்.

எட்டாம் நாள் செருப்புப் போட முடிந்தது. பதினோராம் நாள் வேலைக்குப் போனான். பிரேக்கை மெல்ல மிதித்தான். பஸ் நின்றது. விரல் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். அவனுக்குக் கண் கலங்கியது. கண்ணாடியைத் துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்தான். கடைசி நிறுத்தத்தில் டயர் கடைக்காரர் கேட்பதற்கு முன்பே சாவியை நீட்டினார்.

பரிசோதனைக்குப் போகும் நாளில் மனைவி டிப்போ வாசலில் வந்து நின்றாள். அவன் மிடறு மிடறாகப் பாட்டிலைக் காலிசெய்துகொண்டே வந்தான். அவள் அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். பிறகு கேட்டின் ஓரம் பார்த்தாள். ஆள் உயரச் செடி, இலைகள் தொங்க நின்றது.

"இதுதானா?"

"இதுதான்."

அவள் குழாயடிக்குப் போய்ப் பாட்டிலை நிரப்பினாள். செடியின் அடியில் குனிந்து நிதானமாக ஊற்றினாள். அவன் பக்கத்தில் நின்றான். மண் கறுத்தது.

அவள் நிமிராமலே கேட்டாள்.

"ஆறு வருஷமா என் தண்ணியைக் குடிச்சிருக்கு. ஒரு வார்த்தை சொல்லுச்சா?"