நாலு நாற்பத்துமூன்று

ஜுஹைனா எழுதிய நேரப்பட்டியலைப் பார்த்து அன்றைக்கு நான் ஆபீஸே கேட்கும்படி சிரித்தேன். தென்காசியில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு நாங்கள்தான் சாஃப்ட்வேர் பார்க்கிறோம். நோயாளிகளை ஏற்றிவர வேண்டிய பட்டியல் தினமும் விடிகாலை வேன் டிரைவர்களின் போனுக்குத் தானாகப் போகும். அதை அவள் 4:43 என்று வைத்திருந்தாள். பேக்கப் 5:07. ரிப்போர்ட்டுகள் 5:26.

"என்னம்மா இது, பஞ்சாங்கம் பாத்தா குறிச்சே?" என்றேன். கடையநல்லூர்ப் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். தலையைக் குனிந்துகொண்டாள். ஞாபகம் வைக்க வசதி என்று எல்லாவற்றையும் நானே ஐந்து மணிக்கு மாற்றினேன். பக்கத்தில் அவள் எழுதியிருந்த, 'ஒன்றோடொன்று மோதாத நிமிடங்கள், மாற்ற வேண்டாம்' என்ற குறிப்பையும் அழித்தேன்.

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றாம் தேதி மாதாந்திர ரிப்போர்ட்டுகளும் அதே ஐந்து மணிக்குக் கிளம்பின. எங்கள் டேட்டாபேஸ் ஒரே சமயத்தில் இத்தனை வேலைகளுக்குத்தான் என்று கணக்காகக் கதவு திறக்கும். மற்றவை முந்திக்கொண்டன, வேன் பட்டியலுக்கு இடமில்லை. பிழை என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுபோனது. மறுபடி முயலும்படி யாரும் அதற்குச் சொல்லி வைக்கவில்லை.

குற்றாலத்தில் மூக்கம்மாள் என்ற அம்மா சாரலில் இரண்டு மணி நேரம் வேனுக்காக நின்றார். வேன் வரவில்லை. மூச்சு இரைக்க ஆட்டோவில் கொண்டுவந்து, மதியம்தான் மெஷினில் படுக்க வைத்தார்கள்.

முதலாளி குற்றாலீஸ்வரன் அண்ணாச்சி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஏலே, யாரு எழுதின புரோகிராம் இது?"

"ஜுஹைனா எழுதுனது அண்ணாச்சி" என்றேன். பொய் இல்லை. அதுதான் இன்றைக்கும் என் நெஞ்சை அறுக்கிறது.

"அப்ப இன்னையோட போதும். கணக்க முடிச்சி அனுப்பிரு."

அவள் தன் இடத்துக்குப் போய் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தாள். அவளுடைய பிழையைக் கண்டுபிடித்துக் காட்டலாம் என்று எது எப்போது ஓடியது, யார் மாற்றியது என்று பதிந்துவைக்கும் லாகை நான் திறந்தேன். 5:00:00, 5:00:00, 5:00:00 என்று பதினெட்டு வரிகள். மாற்றியவர்: மந்திரமூர்த்தி. என் பெயர். கூசிப்போனேன்.

அண்ணாச்சியிடம் போய், "நான்தான் மாத்துனேன். அந்தப் பிள்ள வச்சது சரி" என்றேன். அவர் திட்டியதில், அவளை அனுப்ப வேண்டாம் என்றது மட்டும்தான் காதில் ஏறியது.

ஜுஹைனா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "போகாதம்மா. லாக பாத்தேன்."

"நான் காலையிலயே பாத்துட்டேண்ணே."

"பெறகு ஏன் சொல்லல?"

"உங்க பேரு இருந்துச்சு. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பிவந்து உட்கார்ந்து 4:43 என்று அடித்தேன். அழித்த குறிப்பை வரி மாறாமல் எழுதினேன், அடியில் அவள் பெயரையும் போட்டேன்.