அதிமதுரம் மென்ற அண்ணன்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டராகப் பத்து வருடம் தள்ளியவன் நான். விஷம் குடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குடிக்காமலே அந்தப் பெயரை வாங்கியவர் நீலமேகம் ஒருவர்தான்.

நீலமேகம் ஆளுங்கட்சியின் மேடைப் பேச்சாளர். நில உச்சவரம்பு பதினைந்து ஏக்கர் என்று சட்டம் வந்த புதிது. அதைப் பற்றி ஊர் ஊராக மூன்று மணி நேரம் முழங்குவார். அவர் பெயரில் பதினான்கே முக்கால் ஏக்கர் இருந்தது. மீதி மாமியார், மச்சினன், தொட்டிலில் கிடந்த பேரன் என்று பத்திரமாகப் பிரிந்து கிடந்தது.

குரல் கம்மாமல் இருக்க அதிமதுர வேரை மெல்லுவார். தேர்தல் நெருங்க நெருங்க ஒரு துண்டு பத்துத் துண்டானது. போதாததற்கு ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு சொம்பு அதிமதுரக் கஷாயம். வேரை மடியில் முடிந்துகொண்டு கூடவே அலைந்தவர் அய்யாக்கண்ணு. கூலி விவசாயி. நீலமேகம் அண்ணன் பேச்சை நம்பி ஒரு மா நிலத்துக்கு, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு, மனுப் போட்டுவிட்டு ஒரு வருடமாகக் காத்திருந்தார்.

அந்த மாதக் கடைசியில் அண்ணனுக்குத் தலைவலி வந்தது, கால் கனத்தது, கெண்டைச்சதை பிடித்து இழுத்தது. உள்ளூர் டாக்டர் ரத்தக்கொதிப்பு என்று நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார். அதன் பிறகு கால் இன்னும் கனத்தது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கூட்டம். "உங்களுக்கு நிலம் கிடைக்கிறவரை இந்த மண்ணை விட்டு என் கால் நகராது!" என்றார் அண்ணன். கைதட்டல் ஓய்ந்தது. காலும் நிஜமாகவே நகரவில்லை. மைக்கைப் பிடித்தபடியே சரிந்தார்.

சாமி இல்லை என்றவரின் காலை மாரியம்மன் வாங்கிவிட்டாள் என்றது எதிர்க்கட்சி. நிலம் பறிபோகும் என்று பண்ணையார்கள் ஆள் வைத்து விஷம் கொடுத்துவிட்டார்கள் என்றார் அண்ணன் கட்சியின் வட்டச் செயலாளர் வைத்தியலிங்கம். கடைசியாகச் சொம்பை நீட்டியது யார்? அய்யாக்கண்ணு. மனுப் போட்டும் கிடைக்காத இடம் அவருக்கு அன்றே கிடைத்தது, காவல் நிலையத்தில்.

எங்கள் வார்டில் டாக்டர் ஹமீதா பானு பரிசோதித்தார். ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு. ரத்தத்தில் பொட்டாசியம் பாதாளத்தில்.

"நாட்டு மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?"

"நான் பகுத்தறிவுவாதிங்க. வேரு, பச்சிலைப் பக்கமே போறதில்ல."

சொல்லும்போதே பல்லிடுக்கில் மஞ்சள் நார் தெரிந்தது. டாக்டர் அதை இடுக்கியால் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அதிமதுரத்துல கிளிசிரைசின்னு ஒண்ணு இருக்குங்க. அதுதான் இனிப்பு. அளவு மீறுனா, சிறுநீரகம் உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வச்சுக்கும், பொட்டாசியத்தை வெளிய விட்டுடும். அதான் அழுத்தம் ஏறி, சதைக்குத் தெம்பில்லாமப் போச்சு. நீர் மாத்திரை இருந்த பொட்டாசியத்தையும் கொண்டு போயிருச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இதயமே நின்னுருக்கும். இனி ஒரு துண்டு தொடக்கூடாது. உடம்பு சரியாக ஓரிரு வாரம் ஆகும்."

பொட்டாசியம் ஏற்றினோம். மூன்றாம் நாள் அண்ணனால் கால்களை மடக்க முடிந்தது. அன்றைக்கு வைத்தியலிங்கம் வந்து காதைக் கடித்தார். "வேரைத் தின்னு விழுந்தாருன்னா ஊரே சிரிக்கும்ணே. விஷம்னா அனுதாபம். வேட்பாளர் பட்டியல்ல உங்க பேருதான். நீங்க பொய் சொல்ல வேணாம், வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

அண்ணன் தொண்டையைத் தொட்டுக் கையை விரித்தார். குரல் போய்விட்டதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஏழையை வெளியே கொண்டுவர ஒரு வாக்கியம் போதும். மூன்று மணி நேரம் பேசுகிற வாயில் அது இல்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அய்யாக்கண்ணுவை அழைத்துவந்தார். முதுகில் அடித்த தடம். டாக்டர் கேஸ் ஷீட்டை நீட்டினார். "இது இருக்கட்டும்மா, பாதிக்கப்பட்டவர் சொல்லட்டும். இவன்தானாய்யா? தலையை ஆட்டுங்க போதும்" என்றார் இன்ஸ்பெக்டர். அண்ணன் கூரையைப் பார்த்தார்.

அய்யாக்கண்ணு பதறிப்போனார். தன்னைப் பற்றி அல்ல. "அய்யய்யோ, அண்ணனுக்குக் குரல் போயிருச்சா?" போலீஸ் பறித்தது சொம்பை மட்டும்தான்; விலங்கிட்ட கையாலேயே மடியை அவிழ்த்து, இருந்ததிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தார். "வாயைத் தொறங்கண்ணே. இதை ஒதுக்கிக்கிட்டீங்கன்னா ஒரு நாழியில சரியாப் போயிரும்."

வேர் உதட்டருகே வந்தது.

"எடுய்யா அதை! அதைத் தின்னுதான்யா நான் விழுந்தேன்! விஷமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!"

மைக் இல்லாமலே வாசல்வரை கேட்டது. கட்டிலருகே நின்ற வைத்தியலிங்கம் செருப்பைத் தேடினார். இன்ஸ்பெக்டர் விலங்கைக் கழற்றினார்.

அய்யாக்கண்ணுவுக்கு விலங்கு கழன்றதுகூடத் தெரியவில்லை. கண் கலங்க என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா தம்பி, அதிமதுரத்தோட மகிமையை! நாக்குல படக்கூட இல்ல, அண்ணனுக்குக் குரல் வந்துருச்சு."