ரேயால் சொன்ன ஆறு பெயர்ச்சொற்கள்

கனடாத் தலைநகர் ஒட்டாவாவில் பதினோரு வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்து, பிரெஞ்சில் ஒருமையே பேசாமல் காலத்தை ஓட்டியவன் நான். அது ஒரு சாமர்த்தியம் என்றுகூட எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிரெஞ்சில் உயிரில்லாத சாமான்களுக்கும் ஆண், பெண் உண்டு. மேசை பெண். அதன் மேல் கிடக்கும் புத்தகம் ஆண். புத்தகத்தைத் திறந்தால் உள்ளே இருக்கும் பக்கம் மறுபடி பெண். ஏன் என்று கேட்டால் பிரெஞ்சுக்காரர்களுக்கும் தெரியாது. தெரியாமலே சரியாகச் சொல்வார்கள். ஆண் பொருளுக்கு முன்னால் ‘அன்’, பெண் பொருளுக்கு ‘யுன்’. தப்பாகப் போட்டால் அதோடு விடுவதில்லை. பச்சை மேசை என்றால் அந்தப் பச்சையும் மேசைக்குத் தக்கபடி மாற வேண்டும். ஒரு இடத்தில் சறுக்கினால் வாக்கியம் முழுக்கச் சறுக்கும்.

ஆனால் ஒன்றுக்கு மேல் இருந்தால் இந்த வம்பு பாதி குறையும். ஆணுக்கும் பெண்ணுக்கும் முன்னால் ‘லே’ என்று ஒரே சொல். ஆகவே என் பிரெஞ்சில் எல்லாமே பலவாக இருந்தன. காலையில் கார்களில் வந்து, கதவுகளைத் திறந்து, நாற்காலிகளில் உட்கார்ந்து, காப்பிகள் குடித்தேன். இரண்டு வாக்கியம் தாண்டுவதற்குள் எதிரே இருப்பவர் மனமிரங்கி ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். எங்கள் ஊர் மரியாதை அப்படி. எவனும் என்னைத் திருத்தியதில்லை.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் இயக்குநர் ஓய்வு பெற்றார். தானிய எடைக் கருவிகளைச் சோதிக்கும் சின்னப் பிரிவு எங்களுடையது. தற்காலிக இயக்குநராக என்னைப் போட்டார்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் ‘சி’ நிலை வாங்க வேண்டும். எங்கள் தேர்வில் ‘ஏ’தான் கீழ்ப்படி, ‘சி’தான் உச்சம். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு அந்த நாற்காலி மேல் வந்த ஆசையை மறைப்பானேன்? சன்னல் பக்கத்து அறை. கதவில் ‘வெண்டல் ட்ராஸ்க்’ என்று என் பெயர். அதைத் தடவிப் பார்த்ததை யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

பாடம் சொல்ல வந்தவர் சொலாஞ்ஜ் அர்சனோ. நியூ பிரன்சுவிக்காரர், அறுபதைத் தொடும் வயது, பூசி மெழுகத் தெரியாதவர். முதல் வகுப்பில் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“உங்களுக்கு எத்தனை வீடு?” என்றார்.

“ஒண்ணுதான் மேடம்.”

“நாய்?”

“ஒண்ணு.”

“நீங்க சொன்னதைக் கேட்டு ஏதோ பெரிய பண்ணைக்காரர்னு நினைச்சேன். இனிமே என் வகுப்புல எல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். பலன்னு வாயைத் திறந்தா வெளியே அனுப்பிடுவேன்.”

அன்றே ஒரு கட்டு அட்டை வாங்கச் சொன்னார். பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதக் கூடாது. அன்னோ யுன்னோ சேர்த்துத்தான் எழுத வேண்டும், அதுவும் சொல்லின் ஒரு துண்டு என்பது போல. ‘லே’ போல ஒருமையிலும் ஆணுக்கு ‘லெ’, பெண்ணுக்கு ‘லா’ உண்டே, அதைச் சேர்த்துப் படித்தால் ஆகாதா என்றேன். ‘எக்கோல்’, அதாவது பள்ளிக்கூடம், மாதிரி உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் இரண்டும் ஒரே மாதிரி சுருங்கி, ஆணா பெண்ணா என்பது ஒளிந்துகொள்ளும் என்றார். ஒளிந்துகொள்வதில் எனக்குள்ள விருப்பம் அவருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

அப்புறம் சொல்லின் வாலைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். ‘-சியோன்’ என்று முடிந்தால் பெண். ‘-எத்’ என்றால் பெண். ‘-மான்’ என்றால் பெரும்பாலும் ஆண். ‘-ஆஜ்’ என்றால் ஆண். ஆனால் பக்கம், கடற்கரை, படம், கூண்டு போன்ற சில மட்டும் பெண். ‘-ஆன்ஸ்’ என்றால் பெண். மௌனம் மட்டும் ஆண். எதிலும் அடங்காததை உருப்போடுவதைத் தவிர வழியில்லை.

எனக்கு வெறி பிடித்தது. பெண்ணுக்குச் சிவப்பு, ஆணுக்குப் பச்சை என்று நானூறு அட்டை எழுதினேன். குளிர்பதனப் பெட்டி, நாய்த் தட்டு, கழிவறைக் கதவு எல்லாவற்றிலும் அட்டை. யார் பிரெஞ்சில் பேசினாலும் காதில் வால்தான் விழுந்தது. வால் விழுந்ததும் மனசுக்குள் பந்தயம் கட்டுவேன். தேர்வு முடியும்வரை என்னிடம் பிரெஞ்சு தவிர எதுவும் பேசக் கூடாது என்று அலுவலகம் முழுக்க மின்னஞ்சலும் அனுப்பினேன்.

தேர்வு ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை ரேயால் பிசொனெத் என் அறைக்கு வந்தான். எனக்கு அடுத்த நிலை. பதினோரு வருடமாக மதியச் சாப்பாடு அவனோடுதான். நான் பிரெஞ்சில் வாயைத் திறந்தால் எல்லாரையும் விட வேகமாக ஆங்கிலத்துக்குத் தாவுகிறவனும் அவன்தான். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான்.

“பிரெஞ்சுலதான் பேசணும்னு எழுதியிருக்கியே. சரி, இது எனக்கும் அதுலதான் வரும்,” என்றான்.

மேசைக்கடியில் விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். முடிவு என்று ஒரு சொல் வந்தது: பெண், சரி. பிரிவு: ‘-சியோன்’, பெண், சரி. பிள்ளை யார் பொறுப்பில் இருப்பது என்பதற்கு ஒரு சொல். அது விதியில் அடங்காது, ஆனால் என் அட்டையில் இருந்தது: பெண், சரி. குடியிருப்பு: ‘-மான்’, ஆண். வீடு மாறுதல்: அதுவும் ‘-மான்’, ஆண். ஐந்துக்கு ஐந்து. எனக்குள் வாணவேடிக்கை. பிறகு அவன் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு சாய்வு நாற்காலியை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன் என்றான். அந்த நாற்காலிச் சொல்லின் வால் எனக்குப் புதிது.

அவன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். மௌனம், ஆண், விதிவிலக்கு. அதையும் நினைத்துக்கொண்டேன்.

“ரொம்ப நல்லா இருக்கு ரேயால்,” என்றேன், திருத்தமான பிரெஞ்சில். “ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு. அந்தச் சாய்வு நாற்காலி, அது அன்தானே?”

“அன்,” என்றான். எழுந்து போனான். நான் பச்சை அட்டையில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் அந்த ஆறு அட்டைகளையும் சொலாஞ்ஜ் முன்னால் சீட்டுக்கட்டு போலப் பரப்பினேன். “மூணு பெண், மூணு ஆண் மேடம். பேச்சுவாக்குல வந்த சொற்கள். ஐந்தை நானே கண்டுபிடிச்சேன்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இதெல்லாம் யார் சொன்னது?”

“ரேயால். என் சகா.”

“இதே வரிசையிலயா?”

“ஆமாம்.”

“வரிசையா வாய்விட்டுப் படிங்க.”

படித்தேன். யுன், யுன், யுன், அன், அன், அன் என்று உச்சரிப்புப் பிசகாமல் படித்தேன்.

“இப்ப ஆண் பெண்ணை விட்டுட்டுப் படிங்க.”

முடிவு. பிரிவு. பிள்ளை யார் பொறுப்பில். குடியிருப்பு. வீடு மாறுதல். ஒரு சாய்வு நாற்காலி.

என் முகத்தில் ஈயாடவில்லை. ரேயாலுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம், பத்து வயதில் நோயெலா என்று ஒரு பெண். அவள் ஞானஸ்நானத்துக்குப் பிறகு வந்த ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் போயிருக்கிறேன். அவன் என்னிடம் வந்து தன் வீடு உடைந்ததைச் சொல்லியிருக்கிறான். நான் ரொம்ப நல்லா இருக்கு என்றிருக்கிறேன். இரண்டு தரம்.

“அவருக்கு என்ன பதில் சொன்னீங்க?” என்று சொலாஞ்ஜ் கேட்டார்.

சொன்னேன். அவர் அட்டைகளை அடுக்கி என் பக்கம் தள்ளினார். “வாலைப் பாருங்கன்னு சொன்னேன். தலையைப் பார்க்காதீங்கன்னு நான் சொல்லலையே வெண்டல். இன்னைக்கு வகுப்பு போதும்.”

ரேயால் அன்று விடுப்பு. தொலைபேசியை எடுக்கவில்லை. அவன் சனிக்கிழமை கட்டினோவில் ஒரு குடியிருப்புக்கு வீடு மாறுகிறான் என்று வரவேற்பறையில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நானூறு அட்டையையும் ஒருமுறை புரட்டுவதாக இருந்தேன். புரட்டாவிட்டால் பாஸாவது சந்தேகம் என்பதும் தெரியும். சனிக்கிழமை காலை ஆற்றைத் தாண்டி கட்டினோவுக்குக் கார் ஓட்டிப் போனேன். நான் நல்லவன் என்பதால் இல்லை. வீட்டில் எந்த அட்டையைப் பார்த்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, அதனால்தான்.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடி, இரும்புப் படிக்கட்டு. ரேயால் கீழே ஒரு வாடகை வண்டியின் பின்னால் தனியாக நின்றான்.

“என்ன, அட்டை எழுத வந்தியா?” என்றான்.

“இல்ல. பெட்டி தூக்க வந்தேன்.” பிறகு பிரெஞ்சில் மன்னிப்பு கேட்டேன். மடையன், முட்டாள், வெட்கம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. எதற்கு அன், எதற்கு யுன் என்று யோசிக்க நேரமில்லை. வாய்க்கு வந்ததைப் போட்டேன். அவன் ஆங்கிலத்துக்கு மாறுவான் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை.

“புதுசா வாங்கின சலவை இயந்திரம் கனமா இருக்கும். நீ கீழ்ப்பக்கம் பிடி,” என்றான் பிரெஞ்சிலேயே.

அந்த இரண்டு நாளும் தூக்கினோம், புதுக் கட்டிலைப் பொருத்தினோம், நோயெலாவின் அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தோம். இடையிடையே அவன் பேசினான். மனைவி எப்போதிலிருந்து பேசாமல் போனாள், பெண் யாரிடமும் அழாமல் எப்படி விரல் நகத்தைக் கடிக்கிறாள் என்று. ஞாயிற்றுக்கிழமை மாலை, வண்ணத் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதான். நான் என்னென்னவோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவிருக்கிறது. எப்படிச் சொன்னேன் என்பது இல்லை.

திங்கட்கிழமை காலை முதுகு வலியோடு தேர்வுக்குப் போனேன். ஒரு மேலாளராக நீங்கள் செய்த பிழையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் தேர்வாளர். எனக்குப் பஞ்சமா? நடந்ததை அப்படியே சொன்னேன், மூச்சு விடாமல். எதையும் பன்மையில் ஒளிக்கவில்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டதாக எனக்குத் தோன்றியது. இப்படி மனசைத் தொட்ட பிறகு ‘சி’ தராமல் போவாரா என்று வழியெல்லாம் மிதந்துகொண்டு வந்தேன். புத்தி திருந்தவில்லை, பாருங்கள்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. ‘பி’. சரளம் நன்று, பெயர்ச்சொற்களின் பால் அடிக்கடி பிழை. கதவிலிருந்து என் பெயரைக் கழற்றினார்கள். அந்த அறை ரேயாலுக்குப் போனது.

அன்று மதியம் அவன் வழக்கம்போலச் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, தாளை வாங்கிப் படித்தான். “பால் பிழையா? நீயா? நானூறு அட்டை என்னாச்சு?”

“உன் வீட்டுல ரெண்டு நாள் தப்புத் தப்பாப் பேசிப் பழகிட்டேன். நீ திருத்தியிருக்கலாம்ல?”

ரேயால் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

“தப்பா பேசினியா?” என்றான். “எனக்கு ஒண்ணுகூட நினைவில்லையேப்பா.”

அவன் விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எனக்குக் கண் கரித்தது. இயக்குநர் நாற்காலி போனதற்கு நாளையிலிருந்து துக்கப்பட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து, சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.