விக்கல் வராத வாழ்த்து

பஞ்சுவுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்தாலும் கேட்கவில்லை, மூச்சை அடக்கினாலும் கேட்கவில்லை. யாராவது தைரியம் சொன்னால் போதும், 'ஹிக்'. நாளைக்குப் பொதுத்தேர்வு என்பதால் தெருவே தைரியம் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லாமல் இருந்தால் இவர்களுக்குத் தலை வெடித்துவிடுமா என்ன? பாவம், அவள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இப்படியே தேர்வறைக்குப் போனால் பேனா ஒரு பக்கம், கை ஒரு பக்கம்தான்.

தோழி வாயாடி சாயங்காலம் வந்தாள், கையில் இன்னும் எதுவும் எழுதாத ஒரு வாழ்த்து அட்டை. முதலில் ஒவ்வொரு வரியாகத் துண்டுக் காகிதத்தில் எழுதி, கதவுக்கு அடியில் தள்ளிப் பார்த்தாள்.

'நீ வெல்லப் பிறந்தவள்.'

ஹிக்! ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது.

'மதிப்பெண் முக்கியமில்லை.'

ஹிக், ஹிக்! மறந்திருந்த மதிப்பெண்ணை ஞாபகப்படுத்தினால் பின்னே என்ன ஆகும்?

'உன்மேல் முழு நம்பிக்கை வைத்திருக்கிறேன்.'

இதற்கு வந்த விக்கலில் உள்ளே ஏதோ கீழே விழுந்தது. அடுத்தவர் நம்பிக்கையையும் சேர்த்து அவளா சுமப்பாள்? வாயாடிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் பஞ்சுவின் சித்தப்பா மைக்கோடு வந்து நின்றார். "நான் ரெண்டு வார்த்தை எழுச்சியா பேசுறேனே!"

"ஐயோ சித்தப்பா, கையெடுத்துக் கும்பிடுறேன், போங்க!" என்றாள் வாயாடி.

"உனக்கும்தானேம்மா நாளைக்குப் பரீட்சை? போய்ப் படியேன்" என்றாள் பஞ்சுவின் அம்மா.

"இருங்க அத்தை, ஒரே ஒரு வரி."

ஆனால் அந்த ஒரு வரி வருவேனா என்றது. 'தேர்வு' என்ற சொல்லை அடித்தாள். 'நீ செய்ய வேண்டும்' என்று வந்ததையெல்லாம் அடித்தாள், அறிவுரை அவளுக்கு எதற்கு? 'நான் செய்வேன்' என்பதை மட்டும் விட்டுவைத்தாள். அதிலும் பெரிய வாக்குறுதி எதுவும் இல்லை, கட்டாயம் நடக்கக்கூடியது மட்டும். மிஞ்சியதை அட்டையில் எழுதினாள்:

*நாளை மழை வரலாம்,*
*வராமலும் போகலாம்.*
*நீ வெளியே வரும்போது*
*வாசலில் நிற்பேன்.*
*எப்படி எழுதினாய் என்று கேட்கமாட்டேன்.*
*பசிக்கிறதா என்று கேட்பேன்.*

அட்டை உள்ளே போனது. எல்லோரும் கதவில் காதை வைத்தார்கள். சித்தப்பா மைக்கையே வைத்தார். ஒரு சத்தமும் இல்லை.

தாழ்ப்பாள் திறந்தது. பஞ்சு அழுத முகத்தோடு சிரித்தாள். "ரொம்பப் பசிக்குதுடி."

அம்மா அடுக்களைக்கு ஓடினாள். வாயாடிக்கு அப்பாடா என்றிருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"ஏய், நில்லு. எனக்கு நீ எழுதிட்டே, உனக்கு யாருடி வாழ்த்து எழுதிக் கொடுத்தா?" என்றாள் பஞ்சு.

வாயாடிக்குக் கண் கலங்கியது. பஞ்சு அவள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.