அஞ்சாவது மக்குக்கு மருந்து

காசிமேட்டுப் படகுத்துறையில் கரையேற்றியிருந்த தோணியின் அடிவயிற்றில் மேஸ்திரி நீலமேகம் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் ஒட்டியது. முந்தாநாள் அடித்த பெயிண்ட். இந்நேரம் நகத்தால் கீறினாலும் சுவடு விழக்கூடாது.

சூப்பர்வைசர் ஹென்றிக்கு அதற்குள் சேதி போய்விட்டது. பெயிண்டை இறுகவைக்கும் மருந்தைக் கலந்தவன் ஜுபைர். மருந்துக் கேனில் மூன்று லிட்டர் மிச்சம் கிடந்தது. குறைத்து ஊற்றிவிட்டு விற்கப் பார்த்திருக்கிறான், இனி இவன் எந்தத் துறையிலும் கால் வைக்கக்கூடாது என்றார் ஹென்றி.

நீலமேகத்துக்கும் அதே சந்தேகம்தான். எட்டு வருஷம் தன்கூட உழைத்தவன் என்பதெல்லாம் அவரிடம் செல்லாது. ஆசை வந்தால் மனுஷன் மனுஷன்தான். ஜுபைரைக் கூப்பிட்டார்.

"நாலு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு மருந்து. டின்னுக்கு எவ்ளோ ஊத்துன?"

"இருபது லிட்டர் டின்னுக்கு நாலு லிட்டர், நைனா. அஞ்சுல ஒண்ணுன்னு நீதான சொன்ன."

சொன்னார்தான். நாலும் ஒன்றும் அஞ்சு. அஞ்சில் ஒன்று மருந்து. இதில் என்ன தப்பு? முன்பெல்லாம் பெயிண்டும் மருந்தும் ஜோடி டின்னாக வரும். அதை இதில் கவிழ்த்தால் தீர்ந்தது. இந்தத் தடவைதான் மூன்று டின்னுக்கும் சேர்த்து மருந்து ஒரே கேனில், பதினைந்து லிட்டராக வந்திருந்தது.

அவனை அளந்தே மடக்க நினைத்தார். ஹென்றியை நிற்கச் சொல்லிவிட்டு, காலி வாளியில் அஞ்சு மக் தண்ணீர் ஊற்றினார். இது பெயிண்ட். அஞ்சில் ஒன்று, ஒரு மக் மருந்து. அதை இன்னொரு மக்கில் பிடித்துப் பக்கத்தில் தனியாக வைத்தார். இனி நாலுக்கு ஒன்று சரிபார்க்க வேண்டும். வாளியிலிருந்து நாலு மக் மொண்டு கீழே கொட்டினார். அதற்கு அந்த ஒரு மக் மருந்து சரியாகப் போயிற்று.

வாளியில் இன்னும் ஒரு மக் பெயிண்ட் நின்றது. அதற்கு மருந்து எங்கே?

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அஞ்சில் ஒன்று என்பது கலந்து முடித்த மொத்தத்தில். அவர் சொல்லிக்கொடுத்ததோ வெறும் பெயிண்டில். டின்னுக்கு அஞ்சு லிட்டர் போயிருக்க வேண்டும். டின்னுக்கு ஒன்றாக விடுபட்ட மூன்று லிட்டர்தான் கேனில் கிடக்கிறது.

ஜுபைருக்கு இன்னும் விளங்கவில்லை. அவனை இனி உள்ளே விடாதே என்று சொல்ல ஹென்றி கேட் பக்கம் நாலு எட்டு வைத்துவிட்டார். நீலமேகம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், பழி ஜுபைரோடு போய்விடும்.

"சார், நில்லு. அவன் திருடல. நான் சொன்னத அப்டியே செஞ்சுகீறான். தப்பு என்னுது."

ஹென்றி திரும்பி வந்தார். நாளைக் காலை கடல் ஏறும் ஏத்தத்தில் தோணி தண்ணீரில் இறங்க வேண்டும். இனி அடிப்பக்கம் முழுக்கச் சுரண்டியெடுத்து மறுபடி அடிப்பதென்றால் இந்த வாரத்துக்குள் ஆகாது.

"அவன் இருக்கட்டும். மேஸ்திரி, நீ கெளம்பு."

நீலமேகம் சுரண்டியை எடுத்து ஜுபைர் கையில் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார்.

"நைனா," என்றான் ஜுபைர். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.